மேசைமேல் நான்கு குவியல்கள்

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடும் பாடம் நடந்து முடிந்திருக்கிறது. ஆசிரியை கரும்பலகையில் 0.3, 0.472 என்று இரண்டு எண்களை எழுதுகிறார். எது பெரியது என்று துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். 36 பேரில் 28 பேர் 0.472 என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியான விடைதான். மீதி எட்டுப் பேரை மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குத் தசமக் கூட்டலைத் தொடங்கிவிடலாம் என்று அவர் தீர்மானிக்கிறார்.

அந்தத் தீர்மானம் தவறு. சரியாக எழுதிய 28 பேரில் ஒன்பது பேருக்குத் தசம எண் என்னவென்றே தெரியாது. புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் எவ்வளவு அதிகமோ எண் அவ்வளவு பெரியது என்பது அவர்கள் நம்பிக்கை. 472 மூன்றைவிடப் பெரியது, ஆகவே 0.472 பெரியது. இந்தக் கேள்வியில் அந்தத் தவறான விதியும் சரியான விடையிலேயே கொண்டுபோய் விடுகிறது. நாளை 0.6-உடன் 0.45-ஐக் கூட்டச் சொன்னால் இதே ஒன்பது பேர் ஆறும் நாற்பத்தைந்தும் ஐம்பத்தொன்று என்று கணக்கிட்டு 0.51 என்று எழுதுவார்கள்.

இந்த வகுப்பும் இதன் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. தவறின் வகைகளோ நன்றாக ஆராயப்பட்டவை. பாடத்தின் முடிவில் கேட்கும் இந்தக் கேள்வியை ஆங்கிலப் பள்ளி உலகம் எக்ஸிட் டிக்கெட் என்கிறது. வாசலைத் தாண்டும்போது கொடுத்துவிட்டுப் போவது என்பதால் வாசல் சீட்டு என்று வைத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த சார்ல்ஸ் ஷ்வார்ட்ஸ் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு பழக்கத்தை வைத்திருந்தார். இன்று நீ கற்றவற்றுள் முக்கியமானது எது, இன்னும் விளங்காதது எது என்று வகுப்பின் கடைசி நிமிடத்தில் எழுதச் சொல்வது அது. கல்லூரி மாணவரிடம் அது செல்லுபடியாகும். பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் ஆகாது. நீள விதியை நம்பும் ஒன்பது பேரிடமும் எது விளங்கவில்லை என்று கேட்டால், ஒன்றுமில்லை, எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் எழுதுவார்கள். பொய்யல்ல. அவர்களுக்கு ஒரு விதி விளங்கித்தான் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்றதும் எழும் "புரிஞ்சுது மிஸ்" என்ற கூட்டுக்குரலின் எழுத்து வடிவமாகவே அந்தச் சீட்டு முடியும்.

ஆகவே குழந்தையின் கருத்தைக் கேட்காமல் அது செய்வதைப் பார்க்க வேண்டும். அங்கேதான் எந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுவது என்ற சிக்கல் வருகிறது.

பிரான்சில் சாக்குர்-கிரிஸ்வார், லெயோனார் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் தசம எண்களை ஒப்பிடும்போது கண்டபடி தவறு செய்வதில்லை, உறுதியான சில விதிகளைப் பின்பற்றியே தவறு செய்கிறார்கள் என்று காட்டினார்கள். 1989-இல் லாரன் ரெஸ்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளிடம் அதே விதிகளைக் கண்டார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 1990-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

அவர்கள் பிரித்துக் காட்டிய வகைகளில் இரண்டு நமக்குப் போதும். ஒன்று மேலே சொன்ன நீள விதி. மற்றது இதற்கு நேர் எதிரான குட்டை விதி: இலக்கங்கள் குறைவாக உள்ள எண்ணே பெரியது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதற்குப் பின்னால் பாதிப் பாடம் இருக்கிறது. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று ஆசிரியை சொன்னது உண்மை. அதைக் கேட்ட குழந்தை, நூறில் ஒன்றுகள் எத்தனை சேர்ந்தாலும் பத்தில் ஒன்றை எட்டாது என்று நீட்டித்துக்கொள்கிறது. வேறு சில குழந்தைகள் 0.3 என்பதை மூன்றில் ஒரு பங்கு என்றும் 0.472 என்பதை 472-இல் ஒரு பங்கு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் படித்த பின்னம் இந்த மாதத் தசமத்துக்குள் புகுந்துகொள்கிறது. நீள விதி மேல் வகுப்புகளுக்குப் போகப்போகக் கரைகிறது. குட்டை விதி அவ்வளவு எளிதாகக் கரைவதில்லை, உயர்நிலை வகுப்புகளிலும் தென்படுகிறது. கெட்டிக்காரக் குழந்தைகளிடமும் இருக்கிறது என்பதால் ஆசிரியர் கண்ணில் படுவதும் அரிது.

நீள விதிக்கு நம் பேச்சும் துணைபோகிறது. 4.63-ஐ நான்கு புள்ளி ஆறு மூன்று என்று படிக்க வேண்டும். வகுப்பில் காதில் விழுவதோ நாலு புள்ளி அறுபத்து மூணு. அறுபத்து மூன்று என்று சொன்னபின் 4.63-ஐ 4.8-ஐவிடச் சிறியது என்று நம்பவைப்பது பாடுதான். கிரிக்கெட் இதற்கும் ஒரு படி மேலே. 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும். இன்னொரு பந்து வீசிவிட்டால் ஐந்து ஓவர் ஆகிவிடும். புள்ளியின் இரு பக்கமும் இரண்டு தனித்தனி முழு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன என்ற எண்ணத்தை, ஒவ்வொரு ஆட்டத்திலும் திரையின் ஓரம் பதியவைத்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது கரும்பலகைக்குத் திரும்புவோம். 0.3, 0.472 என்ற இணையில் நீள விதிக்காரர் சரியாகச் சொல்வார், குட்டை விதிக்காரர் தவறவிடுவார். 0.6, 0.45 என்ற இணையில் குட்டை விதிக்காரர் சரியாகச் சொல்வார், நீள விதிக்காரர் தவறவிடுவார். எந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டாலும் ஒரு கூட்டம் சரியான விடைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் விதி வெளியே வந்துவிடும். பிரிட்டனின் டிலன் வில்லியம் பாடத்தின் நடுவே கேட்கும் கேள்விகளைப் பற்றி வலியுறுத்துவதும் இதுதான்: தவறான எண்ணம் கொண்டவரும் சரியான எண்ணம் கொண்டவரும் ஒரே விடைக்கு வர முடியாதபடி கேள்வி இருக்க வேண்டும். வாசல் சீட்டுக்கு இதைவிடக் கறாரான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர் சரி என்று எண்ணுவது எளிது. ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்பதைச் சொல்பவை தவறான விடைகள்தாம். ஆகவே கேள்வி தயாரிக்கும்போது தவறான விடைகளையே முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்க்கலாம்: 0.4-க்கும் 0.41-க்கும் இடையே உள்ள ஓர் எண்ணை எழுதுக. ஒப்பிடும் கேள்வியில் இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டுவிடலாம். இதில் முடியாது. தவறுகளும் பேசும் தவறுகளாக வரும். நீள விதிக்காரருக்கு இது நான்குக்கும் நாற்பத்தொன்றுக்கும் இடையே ஓர் எண், எனவே 0.20 என்றோ 0.25 என்றோ எழுதுவார். நூறில் ஒன்றுகள் ஒருபோதும் பத்தில் ஒன்றை எட்டாது என்று நினைப்பவர் 0.50 என்று எழுதக்கூடும். அவர் கணக்கில் ஐம்பது நூறில் ஒன்றுகள் நாற்பத்தொன்றைவிட அதிகம், ஆனால் 0.4-ஐவிடக் குறைவு. "அப்படி எண் இல்லை" என்று எழுதுபவர் மூன்றாவது வகை. அவருக்குத் தசமம் என்பது ரூபாயும் பைசாவும். நாற்பது பைசாவுக்கும் நாற்பத்தொரு பைசாவுக்கும் நடுவே எதுவும் கிடையாது. இவர் ஒப்பிடும் கேள்விகள் இரண்டையும் சரியாகச் செய்துவிடுவார் என்பதால் மற்ற இரண்டு கேள்விகளாலும் பிடிபடமாட்டார். மெல்பர்ன் ஆய்வும் இவர்களைத் தனி வகையாகவே கணக்கில் எடுத்தது.

மூன்று கேள்விகளுக்கும் நான்கு நிமிடம் போதும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும் வகுப்பானால், ஒரு வரிசைக்கு இந்த எண்களும் அடுத்த வரிசைக்கு 0.7, 0.52 மற்றும் 0.2, 0.381 என்றும் கொடுக்கலாம். இணைகளின் அமைப்பு மாறாமல் இருக்க வேண்டும், இலக்கங்கள் மாறலாம். பாடத்தில் செய்து காட்டிய எண்களையே சீட்டிலும் கேட்பதுதான் நான் அதிகம் பார்த்த கோளாறு. அது அரை மணி நேரத்துக்கு முந்தைய நினைவைச் சோதிப்பதோடு நின்றுவிடும்.

அதே வகுப்பிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டதாக வைத்துக்கொள்வோம், 36 சீட்டுகள் வந்துவிட்டன. சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். நின்றபடியே மேசைமேல் நான்கு குவியலாகப் பிரிக்கலாம். இரண்டு ஒப்பீடும் சரி: 19 பேர். முதல் இணையான 0.6, 0.45 தவறு, இரண்டாவது சரி: 9 பேர், இது நீளக் குவியல். முதலாவது சரி, இரண்டாவது தவறு: 5 பேர், இது குட்டைக் குவியல். இரண்டும் தவறு: 3 பேர்.

கடைசிக் குவியல்தான் அளவில் சிறியது, ஆனால் அதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டையும் தவறாக்கும்படி நீள விதியும் சொல்லாது, குட்டை விதியும் சொல்லாது. ஆகவே இவர்கள் ஊகித்திருக்க வேண்டும், அல்லது பெரியது என்பதைச் சிறியது என்று படித்திருக்க வேண்டும். ஊகித்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கேள்விக்கு விடை எழுதுபவர் நான்கு குவியல்களிலும் சம வாய்ப்போடு விழுவார். இங்கே மூன்று பேர் விழுந்திருந்தால் மற்றக் குவியல்களிலும் ஏறத்தாழ மும்மூன்று பேர் அப்படி வந்து கலந்திருக்கக்கூடும். நீளக் குவியலின் ஒன்பதில் மூன்று போனாலும் ஆறு பேர் நிற்கிறார்கள். குட்டைக் குவியலின் ஐந்தில் மூன்று போனால் இருவர்தான் மிச்சம். மூன்றாவது கேள்வியைப் புரட்டிப் பார்த்தால் குட்டைக் குவியலில் இருவர் 0.50 என்று எழுதியிருக்கிறார்கள், நீளக் குவியலில் ஆறு பேர் 0.20 அல்லது 0.25. இப்போது ஆசிரியைக்கு ஆட்களே தெரிந்துவிட்டார்கள். முதல் குவியலின் 19 பேரில் 11 பேர் 0.405 போன்ற சரியான எண்ணை எழுதியிருக்கிறார்கள், ஆறு பேர் இல்லை என்கிறார்கள், இருவர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் எட்டு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்தது முடிவு.

எத்தனை சதவீதம் சரியென்றால் மேலே போகலாம் என்று கேட்பார்கள். 80 என்ற எண் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும். எனக்கு அந்த எண்ணில் பெரிய நம்பிக்கை இல்லை. நாளைய பாடம் இன்றைய பாடத்தின்மேல் எவ்வளவு கனமாக உட்காரப்போகிறது என்பதே கேள்வி. நாளைக்கு விவரங்களைப் பட்டை வரைபடமாக வரைவது என்றால் இந்த 17 பேரையும் வாரக் கடைசிவரை தள்ளிப்போடலாம். நாளைக்குத் தசமக் கூட்டல் என்றால் முடியாது. இடமதிப்பு தெரியாதவர் இலக்கங்களை வலது ஓரத்தில் நேராக அடுக்கிக் கூட்டுவார். அந்தத் தவறைத் திருத்தப் போகும் ஆசிரியை புள்ளிக்கு நேர் புள்ளி வை என்று விதி சொல்வார், குழந்தை விதியைப் பிடித்துக்கொள்ளும், அடியிலிருக்கும் நோய் அப்படியே இருக்கும். ஆகவே இந்த வகுப்புக்கு நாளை முதல் இருபது நிமிடம் ஒப்பீட்டுக்கே. நீளக் குவியலும் குட்டைக் குவியலும் கடைசிக் குவியலும் சேர்ந்து வகுப்பில் பாதியை நெருங்குவதால் எல்லோருக்குமாகவே நடத்தலாம். நான்கைந்து பேர் மட்டும் என்றால் மற்றவர்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் அவர்களை ஒரு மூலையில் உட்கார்த்திக்கொண்டால் போதும். பைசாக் கணக்கு போடும் ஆறு பேர் காத்திருக்கட்டும். கூட்டலுக்கு அவர்கள் தடங்கலாக மாட்டார்கள்.

மறுபடி நடத்துவது என்றால் நேற்றைய பாடத்தையே கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்கச் சொல்வது அல்ல. அதைவிடக் கவர்ச்சியான ஒரு பொறியும் இருக்கிறது: வலப்பக்கம் பூச்சியம் போட்டு இலக்கங்களைச் சமமாக்கு. 0.6-ஐ 0.60 ஆக்கி 0.45-உடன் ஒப்பிடு. 0.3-ஐ 0.300 ஆக்கு. இதைச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் சீட்டில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஏனென்றால் நீளங்கள் சமமானதும் நீள விதிக்கும் குட்டை விதிக்கும் வேலையே இல்லாமல் போகிறது. 60-ஐயும் 45-ஐயும் முழு எண்களாக ஒப்பிட்டுவிட்டுப் போகலாம். பூச்சியத்தைப் போடுவதால் எண் ஏன் மாறவில்லை என்று கேட்டால் பதில் வராது. நோய் மறைந்ததா, குணமானதா என்பதை மூன்றாவது கேள்வி காட்டிக்கொடுக்கும். ஒப்பீடுகள் எல்லாம் சரி, ஆனால் 0.4-க்கும் 0.41-க்கும் இடையே இன்னும் 0.20 என்றால் குணமாகவில்லை.

மெல்பர்ன் குழு நீளத்தை வைத்துக் கற்பிக்கும் துண்டுகளைப் பயன்படுத்தியது. அதை இங்கே காகிதத்தில் செய்யலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நாடா ஒன்று, அதுதான் ஒன்று. அதில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள வண்ணப் பட்டைகள் பத்து. அவற்றில் சிலவற்றைப் பத்தாக வெட்டிய சிறு துண்டுகள். அதில் பத்தில் ஒன்றை வெட்ட வராது, பென்சில் கோடுதான். நாடாவில் சென்டிமீட்டர் குறிகள் இருக்கக் கூடாது. குறி இருந்தால் குழந்தை 60, 45 என்று படித்துவிட்டு மறுபடியும் முழு எண்ணுக்குள் ஓடிவிடும். முதலில் 0.6, 0.45 என்று எழுதி எது நீளம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். பிறகே பட்டைகளை வைக்க வேண்டும். ஆறு பட்டை ஒரு வரிசையில், நான்கு பட்டையும் ஐந்து சிறு துண்டும் அடுத்த வரிசையில். ஐந்து சிறு துண்டும் சேர்ந்து ஒரு பட்டையின் பாதிக்குமேல் போகவில்லை என்பதை நீளக் குவியலின் கண்கள் பார்க்க வேண்டும். அடுத்து 0.3, 0.472. இது குட்டைக் குவியலுக்கானது. 0.472-க்கு முதலில் எதை எடுத்து வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். நான்கு முழுப் பட்டைகள் என்று கை போகும்போதே 0.3 தோற்றுவிடுகிறது, 72-ஐப் பற்றிய பேச்சே எழவில்லை. மூன்று கேள்விகளையும் சரியாகச் செய்த 11 பேர் சும்மா இருக்க வேண்டியதில்லை. நீளமானதே பெரியது என்று நினைப்பவர் சரியாகச் சொல்லி, குட்டையானதே பெரியது என்று நினைப்பவர் தவறவிடும்படி ஓர் இணையை உருவாக்கு என்று கொடுத்தால் அவர்களுக்கு இருபது நிமிடம் போதாது.

சீட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. பாடம் முடிந்த கையோடு கேட்கிறோம். பாடத்தின்போது தெரியும் தேர்ச்சியும் தங்கிநிற்கும் கல்வியும் ஒன்றல்ல என்பதை சோடர்ஸ்ட்ராம், பியோர்க் இருவரும் 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து விளக்கியிருக்கிறார்கள். மெல்பர்ன் மாணவர்களிலும் ஒரு சோதனையில் எல்லாம் சரியாகச் செய்த சிலர் அடுத்த சோதனையில் பழைய விதிக்கே திரும்பியிருந்தார்கள். ஆகவே சீட்டு தவறைக் காட்டும்போது அதை நம்பலாம். சரியைக் காட்டும்போது அரைகுறையாகத்தான் நம்ப வேண்டும். மேலே போகலாம் என்று தீர்மானித்த பாடத்தின் கேள்வி ஒன்றை ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், வகுப்பின் தொடக்கத்தில் வேறு எண்களோடு கேட்பது இதற்காகத்தான்.

மதிப்பெண் கூடாது என்றேன். தமிழ்நாட்டில் வளரறி மதிப்பீடு என்ற நல்ல பெயரோடு வந்தது, தொகுத்தறித் தேர்வின் 60-உடன் சேரும் 40 மதிப்பெண்ணாக முடிந்தது. மதிப்பெண் உண்டு என்று தெரிந்த நொடியில் குழந்தை தான் நினைப்பதை எழுதாது, பக்கத்துப் பையன் நினைப்பதை எழுதும். குவியல்களுக்குப் பெயரும் நிலைக்கக் கூடாது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். அது கற்றலின் படிநிலை, சில காலம் நீடிப்பது. வாசல் சீட்டின் குவியலுக்கு ஆயுள் ஒரு நாள்தான். நாளைய பின்னப் பாடத்தில் அதே 36 பேர் வேறு விதமாகப் பிரிவார்கள்.

பட்டைகள் வைத்து நடத்திய நாளின் முடிவில் மறுபடி சீட்டு, புதிய எண்களோடு. நீளக் குவியல் ஒன்பதிலிருந்து இரண்டாகிவிட்டது. குட்டைக் குவியலில் ஒரே ஒருத்தி நிற்கிறாள், 0.8 பெரியதா 0.913 பெரியதா என்பதற்கு 0.8 என்று எழுதியிருக்கிறாள். இவளுக்கு இனிச் சீட்டால் பயனில்லை. குட்டை விதிக்கு இரண்டு காரணங்கள் உண்டென்று பார்த்தோம், அவற்றுள் இவளுடையது எது என்று துண்டுத் தாள் சொல்லாது. ஆசிரியை அவளை மட்டும் மேசையருகே கூப்பிடுகிறார்.

"0.8 ஏன் பெருசுன்னு சொல்லும்மா."

"எட்டுல ஒரு பங்கு மிஸ். அது 913-ல ஒரு பங்கை விடப் பெருசுதானே?"

கணக்கு சரி. எட்டில் ஒரு பங்கு பெரியதுதான். பட்டைகளை வைத்தபோது அவள் எல்லோரோடும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள், தாளில் எழுதிய எண்ணும் மேசையில் இருந்த பட்டையும் ஒன்றென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியை ஒரு முழு நாடாவை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். "இதுல எட்டுல ஒரு பங்கை மடிச்சுக் காட்டு. அப்புறம் 0.8-ஐ வச்சுக் காட்டு."

அவள் பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்து, இன்னொரு முறையும் மடிக்கிறாள். பிறகு பட்டைகளை எண்ணி வைக்கத் தொடங்குகிறாள். இரண்டாவது பட்டையிலேயே கை நின்றுவிடுகிறது.